எத்தனை கிளையன்ட் போதும்? தனியாக இணையதளம் செய்பவர்களுக்கான மணிக்கணக்கும் காத்திருப்புப் பட்டியலும்

தனியாகத் தொழில் செய்யத் தொடங்கியவர்கள் முதல் சில மாதங்கள் வேலை வருமா என்று கவலைப்படுவார்கள். வேலை வரத் தொடங்கியதும் வேறொரு சிக்கல் முளைக்கும். வந்த எல்லோருக்கும் "சரி" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது மாதத்தில் ஐந்து பேருக்கு ஒரே வாரத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலையில் நிற்பார்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேரை எடுக்கலாம் என்பதற்குக் கணக்குப் போட்டு விடை காண முடியும். அந்தக் கணக்கையும், இடம் நிரம்பிய பிறகு வருகிறவர்களை எப்படிக் காக்க வைப்பது என்பதையும் இங்கே ஒரே எடுத்துக்காட்டில் பார்க்கலாம். சிறு நிறுவனங்களுக்குத் தனியாளாக இணையதளம் செய்து தருபவர் ஒருவர். கூடவே ஏற்கெனவே முடித்த சில தளங்களை மாதாமாதம் பராமரிக்கிறார். உங்கள் தொழில் வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்கு போடும் முறை மாறாது.

முதலில் மணி, பிறகு ஆள்

"நான்கு கிளையன்ட்" என்பது தனியாக நின்று எதையும் சொல்லாத எண். மாதம் ஐந்து மணி நேரம் கேட்கும் பராமரிப்பு வேலையும் ஒரு கிளையன்ட்தான், எழுபது மணி நேரம் கேட்கும் புதுத் தளமும் ஒரு கிளையன்ட்தான். ஆகவே எண்ணத் தொடங்க வேண்டியது ஆட்களை அல்ல, உங்களிடம் உண்மையில் இருக்கும் வேலை மணிகளை.

இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எப்போது உட்கார்ந்தீர்கள், எந்த வேலைக்கு, எப்போது எழுந்தீர்கள் என்பது போதும். இதற்கு ஆப் எதுவும் தேவையில்லை. வாரம் 40 மணி நேரம் மேசையில் இருப்பவர்கூட, கிளையன்டின் வேலைக்கென்று செலவழித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் கணிசமாகக் குறைவாக வரும். புதிதாக விசாரிப்பவர்களுக்குப் பதில், மதிப்பீடு தயாரிப்பது, இன்வாய்ஸ், கணக்கு வழக்கு, ஏதாவது ஒன்றைப் புதிதாகக் கற்பது, கணினிக் கோளாறு ஆகியவை மீதியைத் தின்றுவிடும். நம் எடுத்துக்காட்டில் அந்த எண் 24 என்று வைத்துக்கொள்வோம். மேசை நேரம் 40, வேலை நேரம் 24. கணக்கு 24இலிருந்துதான் தொடங்க வேண்டும். 40இலிருந்து தொடங்குகிறவர்கள்தான் இரவு உட்காருகிறார்கள்.

அந்த 24 மணியையும் விற்றுவிடக் கூடாது. காரணம், வேலை ஒரே சீராக வருவதில்லை. ஒரு கிளையன்ட் திடீரென்று ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்பார், இன்னொருவரின் ஹோஸ்டிங் ஒரு நாள் படுத்துவிடும். வேலை வருவதும் முடிவதும் சீரற்று இருக்கும் இடங்களில் காத்திருப்பு எப்படி வளர்கிறது என்பதற்கு வரிசைக் கோட்பாட்டில் எளிய மாதிரி ஒன்று உண்டு. அதன்படி, உங்கள் நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால், புதிதாக வரும் ஒரு வேலை தன் முறை வருவதற்குச் சராசரியாக நான்கு வேலைகளின் நேரம் காத்திருக்கும். 90 விழுக்காடு நிரம்பினால் அது ஒன்பது வேலைகளின் நேரம். 95 விழுக்காட்டில் பத்தொன்பது வேலைகளின் நேரம். உங்கள் வேலை அந்த மாதிரிக்குள் அச்சாகப் பொருந்தாது, ஆனாலும் வளைவின் போக்கு அதுவே: கடைசி ஐந்தாறு மணியை நிரப்பும்போதுதான் எல்லாத் தேதிகளும் ஒன்றாகச் சரியும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். 24இல் ஏறத்தாழ 5 மணி போக, 19 மணிதான் விற்பனைக்கு.

இனி பராமரிப்பு. நான்கு பழைய தளங்கள், ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு மணி என்றால் 4 மணி. 19இல் அது போக மீதி 15. புதுத் தளங்களுக்கு வாரம் 15 மணி நேரம்தான் இருக்கிறது. 40 மணி நேரம் உட்காருகிறவருக்கு இந்த எண் அதிர்ச்சியாக இருக்கும். பராமரிப்பு வேலை சிறியதாகத் தெரிவதால் பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது எட்டுத் தளமாக வளர்ந்தால் புதுத் தளத்துக்கு மிஞ்சுவது 11 மணிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு தளம் உண்மையில் எத்தனை மணி?

கடைசியாக முடித்த மூன்று வேலைகளை எடுங்கள். தொடக்கத்தில் எத்தனை மணி என்று மதிப்பிட்டீர்கள், முடியும்போது எத்தனை மணி ஆனது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மதிப்பீடு 60, உண்மை 75 என்று வந்தால் இனிக் கணக்குக்கு 75 மட்டும்தான். "அந்த முறை கிளையன்ட் நிறையத் திருத்தம் கேட்டார், இல்லையென்றால் 60இல் முடிந்திருக்கும்" என்று தோன்றும். அடுத்த கிளையன்டும் திருத்தம் கேட்பார். பழைய பதிவு இல்லாத புதியவர்கள், தாங்கள் நினைக்கும் மணியோடு பாதியைக் கூட்டிக்கொண்டு தொடங்கி, முதல் மூன்று வேலைக்குப் பிறகு திருத்திக்கொள்வது நல்லது.

இன்னொரு எண்ணும் வேண்டும்: தொடங்கிய நாளிலிருந்து தளம் வெளியாகும் நாள் வரை நாட்காட்டியில் எத்தனை வாரம் ஓடியது? உங்கள் உழைப்பு 75 மணிதான், ஆனால் கிளையன்ட் படங்கள் அனுப்பவும், பார்த்துக் கருத்துச் சொல்லவும் ஆகும் நேரமும் சேர்ந்து 10 வாரம் ஆகியிருக்கலாம். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் மிகப் பொதுவான தவறு.

இரண்டும் கையில் இருந்தால் விடை வந்துவிடும். வாரம் 15 மணி வீதம் 75 மணி வேலையை முடிக்க 5 வாரம். அதாவது 5 வாரத்துக்கு ஒரு தளம் வீதம் நீங்கள் முடித்து அனுப்ப முடியும். ஒவ்வொரு தளமும் 10 வாரம் உங்கள் மேசையில் இருக்கிறது. எனவே எந்த நேரத்திலும் மேசையில் இருப்பவை 10 ÷ 5, அதாவது இரண்டு. ஒரு அமைப்புக்குள் இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை, அவை வரும் வீதத்தை அவை தங்கும் காலத்தால் பெருக்கினால் வரும் என்ற இந்த விதிக்கு 1961இல் ஜான் லிட்டில் நிரூபணம் தந்தார். லிட்டில் விதி என்றே அதற்குப் பெயர்.

நம் எடுத்துக்காட்டுக்காரருக்கு விடை: நான்கு பராமரிப்பு, இரண்டு புதுத் தளம். ஆண்டில் 46 வாரம் வேலை செய்தால் ஏறத்தாழ ஒன்பது தளம்.

"மூன்றாவதாக ஒன்றை எடுத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். மூன்றை எடுத்தாலும் வாரத்துக்கு 15 மணிதான். ஆகவே முடிந்து வெளியேறும் வீதம் மாறாது, அதே 5 வாரத்துக்கு ஒன்று. மாறுவது தங்கும் காலம்: ஒவ்வொரு தளமும் 10 வாரத்துக்குப் பதிலாக 15 வாரம் இழுக்கும். ஆண்டுக் கடைசியில் அதே ஒன்பது தளம், அதே வருமானம், ஆனால் எல்லா கிளையன்டும் "எப்போது முடியும்?" என்று கேட்டபடி இருப்பார்கள், அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் நேரமும் 24இலிருந்துதான் போகும். மறுபக்கம், ஒன்றே ஒன்று எடுத்தாலும் சரிப்படாது. கிளையன்ட் யோசிக்கும் வாரங்களில் உங்கள் 15 மணியில் பாதி சும்மா கிடக்கும். இரண்டு என்ற எண் இந்த இரு தவறுகளுக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள்

எண் சரியாக இருந்தும் திணறுபவர்கள் உண்டு. வேலையின் சுமை எல்லா வாரமும் ஒன்றாக இருக்காது என்பதே காரணம். நம் எடுத்துக்காட்டுத் தளத்தில் முதல் ஐந்து வாரத்தில் 50 மணி போகிறது: 8, 8, 12, 12, 10. ஆறாம், ஏழாம் வாரங்களில் கிளையன்ட் பார்த்துக்கொண்டிருப்பார், உங்களுக்கு வாரம் 3 மணிதான். கடைசி மூன்று வாரம் திருத்தமும் வெளியீடும்: 7, 7, 5. மொத்தம் 75.

இரண்டு தளத்தையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் மூன்றாம், நான்காம் வாரங்களில் 24 மணி தேவைப்படும். பராமரிப்பு 4 மணியையும் சேர்த்தால் 28. உங்களிடம் இருப்பது 24. பிறகு ஆறாம், ஏழாம் வாரங்களில் 6 மணி வேலைதான் இருக்கும், அப்போது "கை சும்மா இருக்கிறதே" என்று மூன்றாவதாக ஒன்றை ஒப்புக்கொள்வீர்கள். அந்த முடிவின் விலை எட்டாம் வாரத்தில் தெரியும்.

இரண்டாவது தளத்தை 5 வாரம் தள்ளித் தொடங்கினால் சுமை 11, 11, 19, 19, 15 என்று வரும். பராமரிப்பையும் சேர்த்தால் உச்சம் 23, இன்னும் 24க்குள். அந்த இரண்டு வாரங்களில் ஒதுக்கி வைத்த நேரம் ஏறக்குறைய முழுவதும் போய்விடும் என்பதால், பராமரிப்புக் கிளையன்ட்களிடம் பெரிய மாற்றங்களை அந்த வாரங்களுக்கு வெளியே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். நாட்காட்டியில் தொடக்க வாரங்களை மட்டும் ஐந்து வார இடைவெளியில் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். இனி நீங்கள் விற்பது அந்தத் தொடக்க வாரங்களைத்தான்.

காணாமல் போகும் கிளையன்ட்

இந்தக் கணக்கைக் குலைப்பவர், நான்காம் வாரத்தில் மௌனமாகிவிடும் கிளையன்ட். எழுத வேண்டிய விவரங்களை அனுப்ப மாட்டார், போனை எடுக்க மாட்டார். அவர் இடம் காலியாகத் தெரிவதால் அடுத்தவரை எடுப்பீர்கள். இரண்டு மாதம் கழித்து அவர் "எல்லாம் தயார், அடுத்த வாரம் முடித்துவிடலாமா?" என்று வருவார். அப்போது மேசையில் மூன்று இருக்கும்.

இதற்கு ஒப்பந்தத்திலேயே ஒரு வரி வேண்டும். கேட்ட விவரங்கள் 10 வேலை நாளுக்குள் வரவில்லை என்றால் வேலை நிறுத்தி வைக்கப்படும், பிறகு அடுத்து காலியாகும் வாரத்தில்தான் தொடரும் என்று எழுதுங்கள். ஐந்தாம் நாள் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அதில் தேதியைச் சொல்லுங்கள்:

"வணக்கம். முகப்புப் பக்கத்துக்கான விவரங்களும் படங்களும் இன்னும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் திட்டமிட்டபடி தொடரலாம். அதற்குள் முடியாவிட்டால் வேலையை நிறுத்தி வைத்து, அடுத்து காலியாகும் வாரத்தில் தொடங்குவோம். படங்கள் மட்டும் தாமதம் என்றால் சொல்லுங்கள், விவரங்களை வைத்து மற்ற பக்கங்களை நான் தொடர்கிறேன்."

கடைசி வரி முக்கியமானது. பலர் பதில் போடாமல் இருப்பது அக்கறையின்மையால் அல்ல, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்ப முடியவில்லையே என்ற தயக்கத்தால். பாதியாக அனுப்பலாம் என்று தெரிந்தால் அன்றே அனுப்பிவிடுவார்கள்.

நிறுத்தி வைத்த வேலை காணாமல் போவதில்லை, கடனாக நிற்கிறது. மூன்று வாரத்தில் 28 மணி செலவழித்து நின்றிருந்தால் மீதி 47 மணி. வாரம் 15 வீதம் அது மூன்று வாரத்துக்கும் மேல். அதைப் பட்டியலில் மணியோடு எழுதி வையுங்கள். அப்படி இரண்டு இருந்தால், ஆறு வாரத்துக்கும் மேற்பட்ட வேலை கண்ணுக்குத் தெரியாமல் வரிசையில் நிற்கிறது என்று பொருள். அந்த நிலையில் புதிய தேதி எதுவும் தராதீர்கள். இடையில் கிடைக்கும் காலி மணியை முழுத் தளத்துக்குக் கொடுக்காமல், பத்து மணிக்குள் முடியும் சிறு வேலைகளுக்குக் கொடுங்கள். அவை அவர் திரும்பி வரும் முன் முடிந்துவிடும்.

இடம் நிரம்பியதும்: இரண்டு பட்டியல்

புதியவர்கள் செய்யும் குழப்பம், பதிவு செய்தவர்களையும் காத்திருப்பவர்களையும் ஒரே பட்டியலில் வைப்பது. இரண்டும் வேறு. பதிவு செய்தவருக்குத் தொடக்க வாரம் குறிக்கப்பட்டிருக்கிறது, அவர் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார், கட்டணத்தில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். காத்திருப்பவருக்குத் தேதி இல்லை, ஆகவே பணமும் இல்லை. தேதி தர முடியாதவரிடம் பணம் வாங்கக் கூடாது. வாங்கிவிட்டால் அவருக்கு நீங்கள் கடன்பட்டவர், வேலை எப்போது என்று சொல்லவும் முடியாது, அவரைப் போகச் சொல்லவும் முடியாது.

பதிவையும் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். மூன்றாவதாகப் பதிவு செய்பவர் 10 முதல் 15 வாரம் கழித்துத்தான் தொடங்குவார். அதற்கும் அப்பால் உங்கள் விலையோ, அவர் தேவையோ, உங்கள் பராமரிப்புச் சுமையோ என்னவாக இருக்கும் என்று இன்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வருகிறவர்கள் காத்திருப்புப் பட்டியலுக்கு.

பட்டியல் ஒரு சாதாரண ஷீட்டில் இருந்தால் போதும். பெயர், தொடர்பு, விசாரித்த நாள், என்ன வேலை, ஏறத்தாழ எத்தனை மணி, கடைசியாகப் பேசிய நாள் ஆகியவற்றோடு, ஒரு நெடுவரிசையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்: எந்த நாளுக்குள் தொடங்கினால்தான் அவருக்குப் பயன். "உங்களுக்கு எப்போது வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் "சீக்கிரம்" என்பார்கள். "எந்தத் தேதிக்கு மேல் தளம் வந்து பயனில்லை?" என்று கேளுங்கள். அந்தத் தேதியிலிருந்து 10 வாரம் வேலைக்கும் 2 வாரம் பிசகுக்குமாகக் கழித்தால் கடைசித் தொடக்க நாள் கிடைக்கும்.

ஒரு வரிசையை நடத்திப் பார்ப்போம்

இன்றைய நிலை: முதல் தளம் ஆறாம் வாரத்தில் இருக்கிறது, இன்னும் 5 வாரத்தில் முடியும். இரண்டாவது தளம் இந்த வாரம்தான் தொடங்கியது, முடிய 10 வாரம். முதலாவது முடிந்ததும் தொடங்க ஒருவர் பதிவு செய்துவிட்டார். ஆகவே அடுத்த காலி வாரங்கள் இன்றிலிருந்து 10ஆம் வாரம், 15ஆம் வாரம். விசாரித்தவர்கள் வந்த வரிசையில் மூவர்: ஒரு மரச்சாமான் கடை, ஒரு பல் மருத்துவர், ஓர் இசைப் பள்ளி.

பல் மருத்துவருக்குப் புதிய இடம் திறக்க 8 வாரம்தான் இருக்கிறது. 12ஐக் கழித்தால் தொடக்க நாள் எப்போதோ தாண்டிவிட்டது. இவரைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. "பட்டியலில் போட்டு வைக்கிறேன், பார்க்கலாம்" என்பது மரியாதையான பதில்போல் தோன்றும், ஆனால் அவர் வேறு ஆளைத் தேட வேண்டிய நாட்களை அது விழுங்கிவிடும். அன்றே சொல்லி, உங்கள் தரத்தில் வேலை செய்யும் வேறு ஒருவரின் பெயரைக் கொடுங்கள். அந்த ஒருவரிடம் இப்போது இடம் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்திருப்பது முக்கியம்.

இசைப் பள்ளிக்குப் புதிய வகுப்புகள் தொடங்க 26 வாரம். 12 போக, 14ஆம் வாரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆகவே 10ஆம் வாரம்தான் அவர்களுக்குப் பொருந்தும், 15 பொருந்தாது. மரச்சாமான் கடைக்கு அவசரம் இல்லை, ஆனால் அவர்தான் முதலில் கேட்டார்.

இங்கேதான் வரிசை நேர்மையாக நடக்கிறதா என்பது தெரியும். கடைக்காரருக்கு அவசரம் இல்லையே என்று அவரைக் கேட்காமல் 15க்குத் தள்ளிவிட்டால், முதலில் வந்தவருக்கு முதல் உரிமை என்று நீங்கள் சொன்னது பொய்யாகிவிடும். முதலில் அவரிடம் இரண்டு வாரங்களையும் வைத்துக் கேளுங்கள்:

"வணக்கம். உங்கள் தளத்தைத் தொடங்க இரண்டு வாரங்கள் காலியாகின்றன: இன்றிலிருந்து 10ஆம் வாரம் ஒன்று, 15ஆம் வாரம் ஒன்று. நீங்கள் முதலில் கேட்டதால் தேர்வு உங்களுடையது. 15ஆம் வாரம் வசதி என்றால், ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் தளம் தேவைப்படும் இன்னொருவருக்கு 10ஆம் வாரத்தைக் கொடுக்க முடியும். புதன்கிழமை மாலைக்குள் சொன்னால் அந்த வாரத்தை உங்களுக்கென்று உறுதி செய்துவிடுகிறேன்."

அவர் 15 என்றால் இருவருக்கும் இடம் கிடைத்தது. அவர் 10 என்றால் இசைப் பள்ளிக்கு அன்றே முடியாது என்று சொல்ல வேண்டும். அது வருத்தமான பதில்தான், ஆனால் 26 வாரம் கையில் இருக்கும்போதே கிடைப்பதால் அவர்களால் வேறு ஆளைப் பார்க்க முடியும்.

ஒரே காலி இடத்தை ஒரே நேரத்தில் மூவருக்கும் அனுப்பி "முதலில் பதில் சொல்பவருக்கு" என்று வைக்காதீர்கள். இருவர் ஒரே மணிநேரத்தில் "சரி" என்றால் ஒருவரை நீங்களே திருப்பி அனுப்ப வேண்டிவரும். ஒரு நேரத்தில் ஒருவர், மூன்று வேலை நாள் கெடு, நடுவில் ஒரு நினைவூட்டல். பதில் இல்லையென்றால் அடுத்தவர். பதில் சொல்லாதவரிடம் "இந்த வாரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன், தொடர்ந்து பட்டியலில் இருக்க விருப்பமா?" என்று கேட்டு ஒரு வரி அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பெயரை நீக்கிவிடலாம். அவருடைய போன் எண்ணையும் விவரங்களையும் சேர்த்தே அழித்துவிடுங்கள், தேவையில்லாதவரின் விவரத்தை வைத்திருக்கக் காரணம் இல்லை.

தேதி சொல்லும்போது கணக்கில் வரும் வாரத்தைவிட இரண்டு வாரம் தள்ளிச் சொல்வது பாதுகாப்பு. "10 முதல் 12 வாரத்தில் தொடங்கலாம்" என்று சொல்லிவிட்டு 10இலேயே கூப்பிட்டால் மகிழ்வார்கள். 10 என்று சொல்லி 12 ஆனால், வேலை தொடங்கும் முன்பே நம்பிக்கை போய்விடும். "மிகவும் பிஸி, கொஞ்சம் காத்திருங்கள்" என்பது தேதியே அல்ல. அப்படிச் சொல்லப்பட்டவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விசாரித்துக்கொண்டே இருப்பார், அல்லது சொல்லாமல் போய்விடுவார்.

பட்டியல் உயிரோடு இருக்க

நான்கு வாரத்துக்கு ஒருமுறை பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் தனித்தனியாக இரண்டு வரி அனுப்புங்கள். இப்போது வரிசையில் எத்தனையாவது இடம், எந்த வாரம் கிடைக்கக்கூடும், இன்னும் தேவை இருக்கிறதா. இப்படிக் கேட்காத பட்டியல் ஆறு மாதத்தில் வெறும் பெயர்களாகிவிடும். ஏழு பேர் காத்திருக்கிறார்கள் என்று நம்பி இருப்பீர்கள். இடம் காலியானதும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டால், நான்கு பேர் ஏற்கெனவே வேறிடத்தில் செய்து முடித்திருப்பார்கள், ஒருவர் தொழிலையே மாற்றியிருப்பார். மூன்று நாள் கெடுவோடு அவர்களைக் கேட்டு முடிக்கவே மூன்று வாரம் போய்விடும், அதுவரை உங்கள் 15 மணி காலி.

எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள் என்று ஓர் ஓரத்தில் எண்ணி வாருங்கள். மூன்று பேரைக் கேட்டால் ஒருவர் வருகிறார் என்பது உங்கள் அனுபவமானால், ஒரு வேலை முடிய மூன்று வாரம் இருக்கும்போதே கேட்கத் தொடங்க வேண்டும். இருவரில் ஒருவர் என்றால் இரண்டு வாரம் போதும். இந்த எண்ணை வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, உங்கள் ஷீட்டில்தான் இருக்கிறது.

அவசரமாக வருகிறவர் கூடுதல் பணம் தருகிறேன் என்று முன்னால் நுழையக் கேட்பதும் நடக்கும். இதற்கான விதியை அவர் வரும் முன்பே எழுதி வையுங்கள். பதிவு செய்தவரின் வாரத்தை எந்த விலைக்கும் தராதீர்கள். ஒதுக்கி வைத்த மணிகளில் அடங்கும் சிறு வேலை என்றால், சுமை குறைந்த வாரங்களில் மட்டும், கூடுதல் கட்டணத்துக்கு எடுக்கலாம். நம் எடுத்துக்காட்டில் அது 11 மணி வரும் வாரங்கள், 19 மணி வரும் வாரங்கள் அல்ல.

எண் தவறிவிட்டது என்று எப்படித் தெரியும்

சோர்வாக இருக்கிறது என்பது நம்பகமான அறிகுறி அல்ல, அது வேறு காரணங்களாலும் வரும். எண்ணிப் பார்க்கக்கூடிய மூன்றைக் கவனியுங்கள். நீங்களே சொன்ன தேதியை ஒரே வேலையில் இரண்டாம் முறை தள்ளினீர்களா? ஒதுக்கி வைத்த 5 மணி தொடர்ந்து மூன்று வாரம் முழுதாகப் போய்விட்டதா? கிளையன்டின் கேள்விக்கு இரண்டு வேலை நாளுக்குள் பதில் போக முடியவில்லையா? இவற்றில் இரண்டு நடந்தால் எண் அதிகம். அடுத்த தொடக்க வாரத்தை விற்காமல் விட்டுவிடுங்கள். கையில் இருப்பதில் எதையும் பாதியில் நிறுத்த வேண்டாம், புதிதாக உள்ளே விடாமல் இருந்தாலே ஐந்து வாரத்தில் நிலைமை தெளிந்துவிடும்.

மாறாக, ஒதுக்கிய மணிகள் தொடர்ந்து மிஞ்சினாலும் உடனே மூன்றாவது தளத்தை எடுக்காதீர்கள். முதலில் 75 என்ற எண்ணை மறுபடி அளந்து பாருங்கள். கை பழகி அது 60 ஆகியிருந்தால், நான்கு வாரத்துக்கு ஒருவரைத் தொடங்கலாம். கிளையன்டும் வேகமாகப் பதில் சொல்பவராக இருந்து, தங்கும் காலம் 8 வாரமாகக் குறைந்திருந்தால், 8 ÷ 4, மேசையில் இருப்பது அப்போதும் இரண்டுதான். ஆனால் ஆண்டில் 46 வாரத்துக்கு ஒன்பதுக்குப் பதிலாகப் பதினொரு தளம் முடியும். காத்திருப்புப் பட்டியல் மாதக்கணக்கில் குறையாமல் நீண்டுகொண்டே போனால் விலையை உயர்த்தலாம், அல்லது ஒரு தளத்தில் என்னென்ன அடங்கும் என்பதைக் குறைக்கலாம், படங்களைச் சீராக்குவது போன்ற ஒரு பகுதியை இன்னொருவரிடம் கொடுக்கலாம். இவை மூன்றும் காத்திருப்பை மாற்றும். மேசையில் இன்னொரு பெயரைச் சேர்ப்பது மாற்றாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24, 15, 75, 10 என்ற நான்கு எண்களையும் புதிதாக அளந்து, ஷீட்டின் மேல் வரியில் தேதியோடு எழுதுங்கள். அடுத்து "எப்போது தொடங்கலாம்?" என்று ஒருவர் கேட்கும்போது பதில் அந்த வரியில் இருக்கும்.